பாலக்காட்டுக் கணவாயின் இரு கரைகள்

கேள்வி: பல்லுயிர் ஹாட்ஸ்பாட் பட்டியலைப் பார்த்தா தீவும் மலையும்தான் நிறைய வருது. தீவுன்னா சுத்தி கடல், அது புரியுது. மலையில ஏன் வேற எங்கயும் இல்லாத உயிரினங்கள் இவ்வளவு இருக்கு?

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவாக்கிக்கொள்வோம். உயிரினங்கள் ஏராளமாக இருக்கும் இடத்தையெல்லாம் ஹாட்ஸ்பாட் என்று சொல்வதில்லை. நார்மன் மையர்ஸ் என்ற சூழலியலாளர் 1988இல் இந்தக் கருத்தை முன்வைத்தார். இப்போது பயன்படுத்தும் அளவுகோலில் இரண்டு நிபந்தனைகள் இருக்கின்றன. உலகில் வேறெங்கும் இல்லாத தாவர இனங்கள் குறைந்தது 1,500 அங்கே இருக்க வேண்டும். அந்த நிலத்தின் இயற்கையான தாவரப் பரப்பில் குறைந்தது 70 சதவீதம் ஏற்கெனவே அழிந்திருக்கவும் வேண்டும். அமேசான் காட்டின் பெரும்பகுதி பட்டியலில் இல்லாததற்கு இந்த இரண்டாவது நிபந்தனைதான் காரணம். இன்று பட்டியலில் 36 இடங்கள் உள்ளன. மேற்குத் தொடர்ச்சி மலையும் இலங்கையும் சேர்ந்து அவற்றில் ஒன்று.

ஆக, இங்கே எண்ணிக்கையைவிடத் தனித்தன்மைக்குத்தான் மதிப்பு. தீவுகள் பெரும்பாலும் எண்ணிக்கையில் ஏழைகள். ஹவாய்க்குத் தானாக வந்து சேர்ந்த நிலவாழ் பாலூட்டி வௌவால் மட்டுமே. தவளையோ பாம்போ அங்கே இயற்கையாக இருந்ததே இல்லை. ஆனால் அங்குள்ள மண்ணின் பூக்கும் தாவரங்களில் பத்துக்கு ஒன்பது வேறெங்கும் கிடையாது. வந்து சேர்ந்தவை சில, அவற்றின் வழித்தோன்றல்கள் கலப்பில்லாமல் தனிவழியே மாறின.

மலையிலும் இதேதான் நடக்கிறது. கடலுக்குப் பதிலாக அங்கே வெப்பமான தாழ்நிலம் இருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் நம் ஊர்ப் பக்கத்திலேயே இருப்பதால் அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

நீலகிரி, ஆனைமலை, பழனிமலை, அகத்தியமலை ஆகியவற்றின் உயரமான பகுதிகளில், ஏறக்குறைய 1,400 மீட்டருக்கு மேல், சோலைக்காடும் புல்வெளியும் மாறி மாறி வரும். பள்ளங்களிலும் ஓடைக் கரைகளிலும் குட்டையான, அடர்ந்த, பாசி படர்ந்த காடு இருக்கும். அதைச் சுற்றிய சரிவுகளில் புல் இருக்கும். உயரம் ஒரு கிலோமீட்டர் கூடினால் வெப்பநிலை சுமார் ஆறரை டிகிரி குறையும். கோயம்புத்தூருக்கும் ஊட்டிக்கும் இடையே ஏறக்குறைய 1,800 மீட்டர் உயர வித்தியாசம் உண்டு. அதாவது ஒரே நாளில், ஒரே நேரத்தில், 11 அல்லது 12 டிகிரி வித்தியாசம். நாம் ஸ்வெட்டர் போட்டுச் சமாளித்துவிடுவோம். சோலைக்குள்ளேயே வாழ்ந்து பழகிய ஒரு பறவைக்கு அப்படி முடியாது.

இதில் வெப்பமண்டலத்துக்கே உரிய ஒரு நுணுக்கம் இருக்கிறது. இமயமலைக்கு வடக்கே இருக்கும் ஒரு உயிரினம் கடும் கோடை, கடும் குளிர் இரண்டையும் ஒரே வருடத்தில் தாங்க வேண்டும். அதனால் மலையேறி இறங்கும்போது சந்திக்கும் வெப்பநிலை மாற்றம் அதற்குப் புதிதில்லை. நம் மலைகளில் வருடம் முழுக்க வெப்பநிலை அவ்வளவாக மாறுவதில்லை. உச்சியில் இருப்பது எப்போதும் குளிரிலும், அடிவாரத்தில் இருப்பது எப்போதும் வெக்கையிலும் வாழ்கிறது. இரண்டுக்கும் தாங்கும் எல்லை குறுகலானது. டேனியல் ஜான்சென் என்ற அமெரிக்கச் சூழலியலாளர் 1967இலேயே இதைச் சொன்னார்: ஒரே உயரமுள்ள கணவாய், வெப்பமண்டல உயிரினத்துக்குக் கடப்பதற்கு இன்னும் கடினமானது.

இப்போது பாலக்காட்டுக் கணவாய்க்கு வருவோம். கோவையிலிருந்து பாலக்காட்டுக்கு ரயிலில் போனவர்களுக்குத் தெரியும், மலையைக் கடக்கிறோம் என்ற உணர்வே வராது. இருபுறமும் 2,000 மீட்டரைத் தாண்டிய மலைகள். நடுவே 30, 40 கிலோமீட்டர் அகலத்துக்குக் கடல்மட்டத்திலிருந்து சில நூறு மீட்டர்கூட எழாத தரை. தெற்கே இன்னொரு இடைவெளி, செங்கோட்டைக் கணவாய். அது பாலக்காட்டைவிட மிகவும் குறுகலானது.

சோலைக்குள் தரையோடு தரையாகத் தத்தித் திரியும் ஒரு சின்ன நீலப் பறவை உண்டு. பறவை பார்ப்பவர்கள் சோலாகிளி என்பார்கள். கிளி இனத்தோடு எந்த உறவும் இல்லை. குட்டைச் சிறகு, வெளிச்சத்துக்கு வரக் கூச்சம், புதருக்கடியில் பூச்சி பொறுக்கித் தின்னும். கொடைக்கானல் பக்கம் இதன் பாட்டைப் பலமுறை கேட்டிருக்கிறேன், பறவையைப் பார்த்தது அபூர்வம். ரொம்ப காலம் இதைத் தெற்காசியாவின் வேறு பறவைகளோடு ஒரே பேரினத்தில் வைத்திருந்தார்கள். வி.வி. ராபினும் உடன் பணிபுரிந்த ஆய்வாளர்களும் மலைமலையாக வலை கட்டிப் பறவைகளைப் பிடித்து, துளி ரத்தம் எடுத்து, திரும்பப் பறக்கவிட்டு, மரபணுக்களை ஒப்பிட்டார்கள். 2017இல் முடிவு வெளியானது. இவை ஒரு தனிப் பேரினம். நெருங்கிய சொந்தம் ஈப்பிடிப்பான்கள். பாலக்காட்டுக்கு வடக்கே ஓர் இனம், பாலக்காட்டுக்கும் செங்கோட்டைக்கும் நடுவே ஓர் இனம், செங்கோட்டைக்குத் தெற்கே அகத்தியமலையில் மூன்றாவது இனம். அந்த மூன்றாவது இனத்துக்கு அதுவரை பெயர்கூட இல்லை. அதே காடுகளில் வாழும் சிரிப்பான் குருவிகளும் ஒரு தனிப் பேரினமாயின. அவற்றில் நான்கு இனங்கள். நீலகிரியில் ஒன்று, வயநாட்டின் பாணாசுர மலைப் பக்கம் ஒன்று, பழனி ஆனைமலையில் ஒன்று, தென்கோடியில் ஒன்று.

இறக்கை இருக்கும் பறவை முப்பது கிலோமீட்டரைக் கடக்காதா என்று தோன்றும். உடம்பால் முடியலாம். ஆனால் அதற்கு அந்தப் பறவை நிழலை விட்டு, தெரியாத வெக்கைக்குள் இறங்கி, உண்ண எதுவும் கிடைக்காத சமவெளியைத் தாண்டி, எதிரே சரியான உயரத்தில் ஒரு சோலையைக் கண்டுபிடித்து, அங்கே துணையும் தேடிக்கொள்ள வேண்டும். மரபியலில் ஒரு தோராயமான விதி உண்டு: இரண்டு கூட்டங்களுக்கிடையே தலைமுறைக்கு ஒன்றிரண்டு பேர் போய்வந்தாலே அவை பெரிதாக விலகாமல் இருக்கும். அந்த ஒன்றிரண்டும் இல்லாமல் போனால்தான் பிரிவு தொடங்கும். எப்போதோ ஒரு முறை வழிதவறிக் கடந்த பறவைகள் புதிய கூட்டத்தை உருவாக்கப் போதும். பழைய கூட்டத்தோடு கலந்துகொண்டே இருக்கப் போதாது.

பனியுகங்களில் என்ன ஆனது என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நாலைந்து டிகிரி குளிர்ந்தால் 1,400 மீட்டரில் இருந்த தட்பவெப்பம் ஏறத்தாழ 700 மீட்டர் கீழே இறங்கும். பக்கத்துப் பக்கத்து மலைகளுக்கு நடுவே இருக்கும் உயரமான மேடுகள் அப்போது இணைந்துவிடும். பாலக்காட்டின் தரை அதற்கும் எத்தனையோ கீழே. அங்கே பாலம் உருவாகவில்லை. ராபினின் அதே குழு 2015இல் 23 மலைப் பறவை இனங்களைச் சேர்த்து ஆராய்ந்ததிலும் இந்த ஒழுங்குதான் தெரிந்தது. அகலமும் ஆழமும் அதிகமான பாலக்காடு 10 இனங்களைப் பிரித்திருந்தது. குறுகிய இடைவெளிகள் அதைவிடக் குறைவானவற்றையே பிரித்திருந்தன. மீதி 13 இனங்களை எதுவும் பிரிக்கவில்லை என்பதையும் கவனியுங்கள். ஒரே பள்ளத்தாக்கு ஒரு பறவைக்குக் கடல், இன்னொன்றுக்குச் சாதாரண வழி. தீவு என்பது அங்கே வாழும் உயிரைப் பொறுத்தது.

இலங்கையை வைத்துப் பார்த்தால் இது இன்னும் நன்றாகப் புரியும். அது உண்மையான தீவு, ஆனால் பாக் நீரிணை ஆழமற்றது. பனியுகத்தில் கடல்மட்டம் 120 மீட்டர் அளவுக்கு இறங்கியபோது தமிழ்நாட்டிலிருந்து நடந்தே போகலாம். யானையும் சிறுத்தையும் இரு பக்கமும் ஒரே இனமாக இருப்பதில் அதனால் வியப்பில்லை. அப்படியானால் தவளைகளும் ஒன்றாகத்தானே இருக்க வேண்டும்? இல்லை. 2004இல் வந்த ஒரு ஆய்வு புதர்த்தவளைகள், நன்னீர் நண்டுகள் போன்றவற்றின் மரபணுக்களைப் பார்த்தது. இலங்கையின் ஈரக்காட்டு இனங்கள் பெரும்பாலும் தமக்குள்ளேயே கிளைத்தவை. மேற்குத் தொடர்ச்சி மலையோடு போக்குவரத்து மிகக் குறைவு. நிலப்பாலம் இருந்தும் அவை கடக்கவில்லை. இடையில் இருந்தவை இராமநாதபுரம், மன்னார், வன்னி போன்ற வறண்ட சமவெளிகள். ஈரத்தோலோடு வாழும் தவளைக்குக் கடல் வற்றினாலும் அது கடல்தான். இலங்கையில் மட்டும் புதர்த்தவளைகள் 70 இனங்களுக்கு மேல் விவரிக்கப்பட்டிருப்பதற்கு இந்தத் தனிமை முக்கியக் காரணம்.

மலை புதியதை உருவாக்குவதோடு பழையதைக் காப்பாற்றியும் வைக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையில் வாழும், 2003இல் பெயரிடப்பட்ட ஊதாத் தவளையின் குடும்பத்துக்கு நெருங்கிய உறவினர்கள் இன்று செஷல்ஸ் தீவுகளில் மட்டுமே இருக்கிறார்கள். இந்தியாவும் செஷல்ஸும் ஒரே நிலமாக இருந்த காலத்து வம்சம் அது. ஈரம் ஒருபோதும் முழுக்க வற்றாத சரிவுகள் இருந்ததால் மண்ணுக்கடியில் பிழைத்துக்கொண்டது.

சரி, இந்தத் தனித்தன்மையின் மறுபக்கம் சிறிய பரப்பு. ஒரு மலைத்தொகுதியில் மட்டும் வாழும் இனத்துக்கு மாற்று இடம் கிடையாது. பழனிமலையின் புல்வெளிகளில் மூன்றில் இரண்டு பங்கு நாற்பது ஆண்டுகளில் மறைந்துவிட்டதை செயற்கைக்கோள் படங்கள் காட்டுகின்றன. அங்கே இப்போது வாட்டில் எனப்படும் சீகை, பைன், யூகலிப்டஸ் மரங்களும் விவசாயமும் இருக்கின்றன. தூரத்திலிருந்து பார்த்தால் பச்சையாகவே இருக்கும், அதனால் யாரும் அழிவு என்று நினைப்பதில்லை. இது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது. புல்வெளியை வெறும் தரிசு என்று எண்ணி மரம் நட்டார்கள். நீலகிரியின் ஆழமான கரிமண் படிவுகளோ, சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன் அங்கே புல்லே பரவலாக இருந்ததைக் காட்டுகின்றன. வரையாடும் நீலகிரி நெட்டைக்காலி என்ற பறவையும் அந்தப் புல்லை நம்பித்தான் வாழ்கின்றன.

மலை தனிமைப்படுத்தினால் புது இனம் வருகிறதே, நாம் காட்டைத் துண்டாக்கினாலும் வராதா என்று சிலர் கேட்பதுண்டு. சோலாகிளியிடமே விடை இருக்கிறது. அண்மைக்கால வனஅழிப்பால் பிரிந்த சோலைகளிலும் பறவைகளின் மரபணுவில், பாட்டில்கூட, வேறுபாடு தெரிய ஆரம்பித்திருக்கிறது. ஆனால் பாட்டு மாறிய விதம் கணவாய்கள் பிரித்த கூட்டங்களில் இருப்பதுபோல் இல்லை. கணவாய் பிரித்த கூட்டங்கள் ஒவ்வொன்றுக்கும் பெரிய மலைத்தொகுதி இருந்தது, லட்சக்கணக்கான ஆண்டுகளும் இருந்தன. ஒரு துண்டுச் சோலையில் மிஞ்சிய சில பறவைகளுக்கு இரண்டும் இல்லை. சின்னக் கூட்டத்தில் உறவுக்குள்ளேயே இனப்பெருக்கம் நடந்து மரபணு வளம் வேகமாகக் குறையும். புது இனமாக மாறுவதற்கு வெகு முன்பே அந்தக் கூட்டம் முடிந்துபோகவே வாய்ப்பு அதிகம்.