குயிக் ஃபார்மேட்டுக்குப் பிறகும் ஃபைல்கள் எங்கே இருக்கின்றன?

கேள்வி: என் பழைய 1 டிபி எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க்கை ஒருவருக்குக் கொடுக்கப் போகிறேன். விண்டோஸில் குயிக் ஃபார்மேட் செய்துவிட்டேன், காலியாகத்தான் காட்டுகிறது. இது போதுமா?

போதாது. ஃபார்மேட் முடிய எவ்வளவு நேரம் ஆனது என்று யோசித்துப் பாருங்கள். இந்த வகை டிஸ்க் நொடிக்குச் சுமார் 100 மெகாபைட் எழுதும் என்று வைத்துக்கொண்டால், 1 டெராபைட் முழுவதிலும் எதையாவது எழுத 10,000 நொடி ஆகும். கிட்டத்தட்ட மூன்று மணி நேரம். குயிக் ஃபார்மேட் சில நொடிகளில் முடிந்துவிடுகிறது. அப்படியானால் அது டிஸ்க்கின் பெரும்பகுதியைத் தொடவே இல்லை.

அது எழுதுவது ஒரு புதிய வெற்றுப் பட்டியல் மட்டும்தான். NTFS டிஸ்க்கில் ஒவ்வொரு ஃபைலின் பெயரும், அது எந்தெந்த இடத்தில் கிடக்கிறது என்பதும் MFT என்ற அட்டவணையில் இருக்கும். ஃபார்மேட் செய்ததும் விண்டோஸ் புது அட்டவணையைப் பார்த்து "ஒன்றும் இல்லை" என்கிறது. ஃபைல்கள் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. பழைய அட்டவணையின் பகுதிகள்கூடப் பல சமயம் பிழைத்துக் கிடக்கும், அதனால் சில மீட்பு மென்பொருள்கள் ஃபைல் பெயரோடு எடுத்துக் கொடுத்துவிடும்.

அட்டவணையே இல்லாவிட்டாலும் பிரச்சினை தீராது. PhotoRec என்ற இலவச மென்பொருள் அட்டவணையைக் கண்டுகொள்வதே இல்லை. டிஸ்க்கை முதலிலிருந்து படித்துக்கொண்டே போகும், FF D8 FF என்ற பைட்டுகள் தட்டுப்பட்டால் இங்கே ஒரு JPEG படம் தொடங்குகிறது என்று புரிந்துகொண்டு எடுத்துவிடும். பெயர் போய்விடும், துண்டு துண்டாகச் சிதறிய பெரிய வீடியோக்கள் பாதியில் உடைந்து வரும். ஆனால் ஸ்கேன் செய்த ஆதார், பான் மாதிரி சின்னப் படங்கள் பெரும்பாலும் முழுசாகவே வந்துவிடும். நாம் மறைக்க நினைப்பதும் அதைத்தானே!

சரி, எப்படித் துடைப்பது? விண்டோஸிலேயே வழி இருக்கிறது. மற்ற எக்ஸ்டர்னல் டிஸ்க்குகள், பென்டிரைவ்கள் எல்லாவற்றையும் முதலில் கழற்றிவிடுங்கள். அப்புறம் கமாண்ட் பிராம்ப்ட்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து:

```
diskpart
list disk
select disk 2
detail disk
clean all
```

இதில் 2 என்பது உதாரணம்தான். `list disk` காட்டும் அளவை வைத்து உங்கள் டிஸ்க்கின் எண்ணைக் கண்டுபிடியுங்கள் (1 டிபி டிஸ்க் 931 GB என்று தெரியும்). `detail disk` காட்டும் பெயரும் பொருந்தினால் மட்டும் கடைசி வரியை அடியுங்கள். "நிச்சயமாகவா?" என்றெல்லாம் அது கேட்காது. `all` என்பதை விட்டுவிடவும் கூடாது, வெறும் `clean` பார்ட்டிஷன் விவரங்களை மட்டுமே நீக்கும்.

`clean all` ஒவ்வொரு செக்டரிலும் சுழியம் எழுதும். எவ்வளவு முடிந்தது என்று எதுவும் காட்டாது, தொங்கிவிட்டது போலவே இருக்கும். பதறி நிறுத்த வேண்டாம், டாஸ்க் மேனேஜரில் அந்த டிஸ்க்கின் எழுதும் வேகத்தைப் பார்த்தால் வேலை நடப்பது தெரியும். லேப்டாப் இடையில் ஸ்லீப்புக்குப் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு முறை எழுதினால் போதும். 35 முறை எழுத வேண்டும் என்ற பேச்சு 1996-இல் வந்த ஓர் ஆய்வுக் கட்டுரையிலிருந்து கிளம்பியது, அது அந்தக் காலத்து டிஸ்க்குகளுக்கானது.

முடிந்த பிறகு நான் எப்போதும் PhotoRec-ஐ ஓட்டிப் பார்ப்பேன். ஒரு ஃபைலும் வரக்கூடாது. அதன் பின் டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் இனிஷியலைஸ் செய்து, புது பார்ட்டிஷன் போட்டுக் கொடுக்கலாம். இப்போது குயிக் ஃபார்மேட்டே போதும்.

ஒரு ஓட்டை உண்டு. டிஸ்க் தானாகவே கெட்டுப்போனதென்று ஒதுக்கிவைத்த செக்டர்களில் இந்தச் சுழியம் போய்ச் சேராது. டிஸ்க்கின் உடல்நிலையைக் காட்டும் CrystalDiskInfo என்ற மென்பொருளில் Reallocated Sectors Count என்ற வரியின் மூல மதிப்பு சுழியமாக இல்லை என்றால், அந்த டிஸ்க்கை யாருக்கும் கொடுக்காதீர்கள். எப்படியும் அது சீக்கிரம் சாக வாய்ப்புள்ள டிஸ்க்.

இதெல்லாம் சுழலும் ஹார்டு டிஸ்க்குக்கு. எஸ்எஸ்டி என்றால் கதை வேறு. நாம் எழுதுவதை உள்ளே இருக்கும் கன்ட்ரோலர் வேறு செல்லில் எழுதிக்கொள்ளும், நமக்குத் தெரியாத உபரி செல்களும் உண்டு. அதனால் மேலெழுதுவதை நம்பாமல், தயாரிப்பாளர் தரும் மென்பொருளிலோ சில கணினிகளின் பயாஸிலோ இருக்கும் Secure Erase-ஐப் பயன்படுத்துங்கள். அது கன்ட்ரோலரிடமே எல்லாச் செல்களையும் அழிக்கச் சொல்லும், பல எஸ்எஸ்டிகளில் சில நிமிடங்களுக்குள் முடிந்துவிடும். யுஎஸ்பி பெட்டி வழியாக மாட்டியிருந்தால் அந்தக் கட்டளை பல சமயம் உள்ளே போகாது, எஸ்எஸ்டியை நேரடியாகக் கணினிக்குள் மாட்டித்தான் செய்ய வேண்டியிருக்கும்.