லோகோவைப் பெரிதாக்குவதா, புதிதாக வரைவதா? வாசகர் கேள்விகள்

கேள்வி: இணையதளத்திலிருந்து எடுத்த லோகோவின் அகலம் 180 பிக்சல். ரெசல்யூஷனை 72-லிருந்து 300-க்கு மாற்றியும் அச்சில் மங்கலாகவே வருகிறதே?

நீங்கள் மாற்றியது கோப்போடு ஒட்டியிருக்கும் ஓர் எண்ணை மட்டுமே. பிக்சல்கள் அதே 180-தான். அங்குலத்துக்கு 300 வீதம் அச்சிட்டால் அவை ஏறக்குறைய 15 மில்லிமீட்டர் அகலத்துக்குத்தான் போதும். 90 மில்லிமீட்டர் வேண்டுமானால் சுமார் 1,060 பிக்சல் தேவை. கிட்டத்தட்ட ஆறு மடங்கு. அகலத்திலும் உயரத்திலும் ஆறு மடங்கு என்றால், ஒரு பிக்சல் இருந்த இடத்தை 36 பிக்சல்கள் நிரப்ப வேண்டும்.

அந்த வேலையில் இறங்குமுன் மூலக் கோப்பைத் தேடுங்கள். பக்கத்தின் மூல நிரலில், எவ்வளவு பெரிதாக்கினாலும் மங்காத கோப்பு வகையான `svg` இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். அதே நிறுவனத்தின் PDF கையேடு ஏதாவது கிடைத்தால் 1,600 சதவீதத்துக்குப் பெரிதாக்குங்கள். விளிம்பு அப்போதும் கூர்மையாக இருந்தால் உள்ளே இருப்பது வெக்டார், அதாவது பிக்சல்களாக அல்லாமல் கோடுகளாகவும் வளைவுகளாகவும் பதிவான வடிவம். வெக்டார் வரையும் மென்பொருளான இங்க்ஸ்கேப்பில் திறந்து பிரித்தெடுத்துவிடலாம். உரிமையாளரிடம் கேட்பது இதைவிடச் சுலபம். பயன்படுத்த அனுமதியும் அவரிடம்தான் வாங்க வேண்டும்.

கேள்வி: ஒரு முறையில் பெரிதாக்கினால் படிக்கட்டுபோல் விளிம்பு வருகிறது, இன்னொன்றில் பனிமூட்டம். நடுவழி உண்டா?

உண்டு. வெள்ளைப் பின்னணியில் உள்ள கறுப்பு வட்டத்தின் விளிம்பை உற்றுப் பாருங்கள். சாம்பல் பிக்சல்கள் வரிசையாகத் தெரியும். அவை அழுக்கல்ல. எல்லைக்கோடு அந்தப் பிக்சலுக்குள் எவ்வளவு தூரம் நுழைந்திருக்கிறது என்பதை அந்தச் சாம்பலின் அடர்த்தி சொல்கிறது. பாதிச் சாம்பல் என்றால் கோடு நடுவே ஓடுகிறது. பிக்சலை அப்படியே நகலெடுக்கும் முறை இந்தக் குறிப்பைக் கட்டம் கட்டமாக ஊதிவிடும். `Cubic` முறை அதைச் சரிவாகப் பரப்பும். எல்லை இருக்கும் இடம் கெடாது.

ஆகவே ஒரே நிற லோகோவை, படம் திருத்தும் மென்பொருளான கிம்ப்பில் `Cubic` கொண்டு 12 மடங்கு, அதாவது 2,160 பிக்சலுக்குப் பெரிதாக்குங்கள். பிறகு `Threshold` வைத்து நடுச்சாம்பலில் வெட்டுங்கள். பனிமூட்டம் போய்த் தெளிவான விளிம்பு நிற்கும். அதைப் பாதியாகக் குறைத்தால் 1,080 பிக்சலில் வழவழப்பான ஓரம் கிடைக்கும். JPEG கோப்பானால், எழுத்தைச் சுற்றியுள்ள கொசுக்கூட்டம் போன்ற புள்ளிகள் அடங்க, வெட்டுவதற்கு முன் லேசாக மங்கலாக்கிக்கொள்ளுங்கள்.

இதற்கும் எல்லை உண்டு. கூர்முனைகள் மொண்ணையாகும். இரண்டு பிக்சலுக்கும் மெல்லிய கோடுகளில் முழுக் கறுப்பே இல்லாமல் போகலாம். வெட்டும்போது அவை அறுந்துபோகும் அல்லது தடித்துவிடும்.

கேள்வி: அப்படியானால் எப்போது புதிதாக வரைய வேண்டும்? இங்க்ஸ்கேப்பின் `Trace Bitmap` போதாதா?

நான் முதலில் பார்ப்பது லோகோவிலேயே மெல்லிய கோட்டைத்தான். அதன் தடிமன் மூன்று பிக்சலுக்குக் கீழே இருந்தால் பெரிதாக்குவதில் நேரத்தைச் செலவிட மாட்டேன். `Trace Bitmap` கண்ணுக்குத் தெரிந்ததைத்தான் பின்தொடரும். வட்டம் என்பது அதற்குத் தெரியாது. வளைவைத் தீர்மானிக்கும் புள்ளிகளான கணுக்கள் ஏராளமாக நிறைந்த, மேடுபள்ளமான உருளைக்கிழங்கு ஒன்றைத் தரும்.

ஒரு வட்டம், உள்ளே ஓர் இலை, கீழே ஒன்பது பிக்சல் உயரத்தில் பெயர் என்று வைத்துக்கொள்ளுங்கள். லோகோவை அடி அடுக்கில் பூட்டி, பாதி ஒளிபுகும்படி வையுங்கள். வட்டத்தை வட்டக் கருவியாலேயே போடுங்கள். இலைக்கு இரண்டு முனைகளிலும் ஒவ்வொரு கணு, இரு பக்க வளைவுகளும் அதிகமாகப் புடைக்கும் இடத்தில் ஒவ்வொன்று, ஆக நான்கு கணுக்கள் போதும். பெயரைத் தடம்பிடிக்கவே வேண்டாம். அந்த உயரத்தில் ண-வின் மூன்று சுழிகளும் ன-வின் இரண்டு சுழிகளும் ஒரே சாம்பல் திட்டுதான். பொருத்தமான எழுத்துருவைக் கண்டுபிடித்துத் தட்டச்சு செய்து, இடைவெளியை அடியில் உள்ளதோடு ஒப்பிட்டுச் சரிசெய்யுங்கள். கடைசியில் `Object to Path` கொடுத்துவிட்டால் எழுத்துரு இல்லாத கணினியிலும் உரு மாறாது.

வரைந்தது சரியா என்று பார்க்க, அதே 180 பிக்சல் அகலத்தில், பழைய லோகோவின் அதே பின்னணி நிறத்தோடு ஏற்றுமதி செய்து, கிம்ப்பில் பழைய லோகோவின் மேல் `Difference` முறையில் வையுங்கள். எல்லாம் கறுப்பாக, விளிம்பில் மட்டும் மங்கிய கோடு தெரிந்தால் சரி. ஒரு பக்கம் பளிச்சென்று பட்டை தெரிந்தால், அங்கே உங்கள் வளைவு விலகியிருக்கிறது.

கேள்வி: கருநிறத் துணியில் அச்சிட்டால் லோகோவைச் சுற்றி வெள்ளை ஓரம் தெரிகிறது.

வெள்ளைப் பின்னணியோடு கலந்துபோன அதே சாம்பல் பிக்சல்கள்தான். பின்னணியை மட்டும் அழித்தால் அவை போகாது. வரைந்த வடிவத்தில் இந்தச் சிக்கலே எழாது. நிறத்தை எடுக்கும்போது விளிம்பைத் தவிர்த்து, பரந்த பகுதியின் நடுவிலிருந்து எடுங்கள்.

கேள்வி: எங்கள் சின்னத்தில் தூரிகையால் தீட்டிய பறவை இருக்கிறது. அதையும் வரையலாமா?

வேண்டாம். நிறச்சாயல்களை வடிவங்களாகப் பிரித்தால் பறவை ஒட்டுத்துணிபோல் ஆகிவிடும். பறவையை `Cubic`-ல் இரண்டு மடங்கு வரை பெரிதாக்கி, சுற்றியுள்ள வளையத்தையும் பெயரையும் மட்டும் வரைந்து மேலே வையுங்கள். அதைவிடப் பெரிதாக வேண்டுமென்றால் மூல ஓவியத்தை ஸ்கேன் செய்வதுதான் வழி.