விற்றது 22,000, வந்தது 11,319.50: மீதி எங்கே?

கேள்வி: ஆன்லைன் சந்தைத் தளம் ஒன்றில் போன மாதம் 40 ஆர்டர் விற்றேன். ஒன்றின் விலை 500, வரி 50. விற்பனை ரிப்போர்ட்டில் மொத்தம் 22,000 என்று காட்டுகிறது. கமிஷன் 10 சதவீதம்தான். ஐந்து ரிட்டர்ன் வந்தது, அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வங்கியில் விழுந்தது வெறும் 11,319.50. இவ்வளவு எப்படிக் குறையும்? கணக்கில் எதை விற்பனை என்று எழுதுவது? செட்டில்மென்ட் ஷீட்டையும் அனுப்பியிருக்கிறேன்.

பதில்: ஷீட்டை வரி வரியாகப் பார்த்தேன். 82.50 தவிர மற்ற எல்லாவற்றுக்கும் கணக்கு இருக்கிறது. அந்த 82.50-க்குக் கடைசியில் வருகிறேன்.

மாத மொத்தத்தை வைத்துக்கொண்டு வங்கித் தொகையோடு மோதினால் ஒருநாளும் ஒத்துப்போகாது. முதலில் ஒரே ஒரு ஆர்டரை எடுத்துப் பிரித்துப் பாருங்கள். வாங்கியவர் கொடுத்தது 550. அதில் 50 வரி. உங்கள் தளம் அந்த வரியைத் தானே பிடித்து அரசுக்குக் கட்டிவிடுகிறது, அதனால் அது உங்கள் கைக்கு வருவதே இல்லை. கமிஷன் 55. பத்து சதவீதம் என்றால் 50 தானே என்று நீங்கள் நினைத்திருப்பீர்கள். ஆனால் அவர்கள் வரி சேர்ந்த 550-க்குக் கணக்குப் போட்டிருக்கிறார்கள். உங்கள் ஒப்பந்தத்தில் கமிஷன் எதன் மேல் என்று எழுதியிருக்கிறது என்பதைத் தேடிப் படித்துவிடுங்கள். ஷிப்பிங் கட்டணம் 60. கமிஷன், ஷிப்பிங் இரண்டும் அவர்கள் உங்களுக்கு விற்கும் சேவை என்பதால் அந்த 115 மேல் வரி 11.50. எல்லாம் போக ஒரு ஆர்டருக்கு உங்களுக்கு நிற்பது 373.50. நாற்பதுக்கு 14,940. ஆக, ரிட்டர்ன் ஒன்றுகூட வராத மாதத்திலும் 22,000 என்பது 14,940 ஆகத்தான் இறங்கியிருக்கும்.

அப்புறம் ரிட்டர்ன். பலரும் திரும்பிய ஆர்டரை விற்பனையிலிருந்து அடித்துவிட்டு 'இது சுழியம்' என்று விட்டுவிடுகிறார்கள். அது சுழியம் இல்லை. வாங்கியவருக்கு 550 திரும்பப் போகிறது. அதில் வரி 50-ஐத் தளம் ஏற்கிறது, கமிஷனையும் அதன் வரியையும் சேர்த்து 60.50 உங்களுக்குத் திரும்ப வருகிறது. ஆனால் போன ஷிப்பிங் போனதுதான், அது வரியோடு 66. பொருளைத் திரும்பக் கொண்டுவர வரியோடு இன்னொரு 44. எனவே திரும்பிய ஒவ்வொரு ஆர்டரும் உங்களுக்கு 110 நஷ்டம் வைக்கிறது. ஷீட்டில் ஒரே ஆர்டர் எண்ணுக்கு உரிய எல்லாத் தொகைகளையும் கூட்டினால் சரியாகக் கழித்தல் 110 வர வேண்டும்.

இந்த ஒரு எண்ணைக் கையில் வைத்துக்கொண்டால் தவறு தானாகவே தலைகாட்டும். ஒரு ரிட்டர்ன் கழித்தல் 170.50 என்று நின்றால் கமிஷனைத் திருப்பித் தரவில்லை என்று அர்த்தம். கழித்தல் 160 என்றால் வரி 50 உங்கள் தலையில் விழுந்திருக்கிறது. உங்கள் ஐந்தும் சரியாக இருக்கின்றன. (சில தளங்கள் ரிட்டர்னில் கமிஷனின் ஒரு பகுதியை வைத்துக்கொள்ளும். அப்படியானால் இந்த எண் மாறும், ஆனால் எல்லா ரிட்டர்னுக்கும் ஒரே மாதிரி மாற வேண்டும்.)

இந்த வேலைக்கு ஆர்டர் எண்ணை வைத்து ஒரு பிவட் டேபிள் போதும். ஃபைலைத் திறக்கும்போது மட்டும் ஆர்டர் எண் உள்ள பத்தியை எழுத்தாக இறக்குங்கள். எண்ணாக இறக்கினால் எக்செல் முதல் 15 இலக்கத்தை மட்டும் வைத்துக்கொண்டு மீதியைச் சுழியமாக்கிவிடும்; வேறு வேறு ஆர்டர்கள் ஒன்றாகச் சேர்ந்துவிடும். நான் ஒருமுறை இதைக் கவனிக்காமல் ஒரு மாலை முழுவதையும் தொலைத்தேன்.

சரி, இனி தேதி. குழப்பத்தில் பெரும்பங்கு இதில்தான். விற்பனை ரிப்போர்ட் ஆர்டர் போட்ட தேதியைப் பார்க்கிறது. பணம் வருவதோ, பொருள் போய்ச் சேர்ந்து, தளம் வைத்திருக்கும் காத்திருப்பு நாட்கள் முடிந்த பிறகு. உங்கள் நாற்பதில் மாதக் கடைசியில் விற்ற 6 ஆர்டருக்குப் பணம் இன்னும் விடவில்லை. அதற்குப் பதிலாக முந்தைய மாதத்தின் 3 ஆர்டர் இந்த மாதம் வந்து விழுந்திருக்கிறது. ஐந்து ரிட்டர்னில் ஒன்று முந்தைய மாத ஆர்டர், அதற்கான 373.50 அப்போதே உங்களுக்கு வந்துவிட்டது, அந்த 373.50-ஐயும் நஷ்டம் 110-ஐயும் சேர்த்து 483.50 இந்த மாதம் பிடித்திருக்கிறார்கள்.

இதைச் சமாளிக்க ஒரே வழி, அந்தத் தளத்தை உங்கள் பணத்தை வைத்திருக்கும் ஒரு பெட்டி மாதிரி நினைத்து அதற்குத் தனிக் கணக்கு வைப்பதுதான். மாதத் தொடக்கத்தில் பெட்டியில் இருந்தது 3 ஆர்டரின் 1,120.50. இந்த மாத ஆர்டர்களால் சேர்ந்தது 14,940. ஐந்து ரிட்டர்னுக்கு, தலா 483.50 வீதம், வெளியே போனது 2,417.50. அந்த 82.50-ம் போகட்டும். வங்கிக்கு அனுப்பியது 11,319.50. மீதி 2,241. இப்போது செல்லர் பக்கத்தில் 'இன்னும் விடுவிக்காத தொகை' என்று இருப்பதைப் பாருங்கள்: ஆறு ஆர்டர், தலா 373.50, அதே 2,241. இந்த இரண்டும் ஒத்துப்போனால் மாதம் முடிந்தது. ஒத்துப்போகாவிட்டால்தான் தேட வேண்டும். தளம் உங்கள் பணத்தில் ஒரு பகுதியை ரிசர்வாக நிறுத்தி வைத்திருந்தால் அதுவும் இந்த மீதிக்குள்தான் இருக்கும், செலவு ஆகாது.

விற்பனையாக எதை எழுதுவது என்று கேட்டீர்கள். வங்கியில் விழுந்ததை எழுதாதீர்கள். அது பெட்டியிலிருந்து வங்கிக்கு மாறிய பணம், அவ்வளவுதான். விற்பனை 20,000, ரிட்டர்ன் 2,500, நிகரம் 17,500. கமிஷனும் ஷிப்பிங்கும் தனித்தனிச் செலவு. 11,319.50-ஐ விற்பனை என்று எழுதினால் கட்டணங்கள் உங்கள் கணக்கிலேயே தெரியாமல் போய்விடும். தளம் வரி அலுவலகத்துக்குக் கொடுக்கும் விற்பனைத் தொகையோடும் ஒத்துப்போகாது. 2,000 வரியைத் தளமே கட்டுவதால் அது விற்பனையில் சேராது. வரியையும் உங்கள் கையில் கொடுக்கும் தளமாக இருந்தால் அந்த 50 வங்கியில் வந்தாலும் உங்கள் பணம் இல்லை, கட்ட வேண்டிய கடனாகத் தனியே வையுங்கள். கட்டணங்களின் மேல் போட்ட வரியை உங்கள் நாட்டுச் சட்டப்படி திரும்பப் பெற முடியுமா என்பதை வரி ஆலோசகரிடம் கேட்டுவிடுங்கள்.

இனி அந்த 82.50. மூன்று ஆர்டருக்கு ஷிப்பிங் 60-க்குப் பதில் 85 போட்டிருக்கிறார்கள். கூடுதல் 25, அதன் வரி 2.50, மூன்றுக்கும் சேர்த்து 82.50. ஷீட்டில் 'எடை மாற்றம்' என்று ஒரு சின்னப் பதிவாக, ஆர்டருக்குப் பல நாள் கழித்து வந்திருக்கிறது. ஒரே பொருள், ஒரே பெட்டி, 37 ஆர்டர் ஓர் எடையிலும் இந்த மூன்று மட்டும் அடுத்த எடையிலும் இருக்க நியாயமில்லை. பெட்டியைத் தராசில் வைத்து எண் தெரியும்படி ஒரு படமும், நீள அகல உயரம் தெரியும்படி ஒரு டேப் படமும் எடுத்து, மூன்று ஆர்டர் எண்ணோடு இன்றே புகார் போடுங்கள். தளங்கள் இதற்குக் குறிப்பிட்ட நாட்கள்தான் கொடுக்கின்றன.