மே மாத மெசேஜுக்கு ஜூன் மாத விலையா?

"வணக்கம் சார். தேக்காவில் கேட்டரிங் நடத்துகிறேன். ஆர்டர் எஸ்எம்எஸ் அனுப்ப ஒரு நிறுவனத்தில் திட்டம் எடுத்திருக்கிறேன். மாதம் 20,000 மெசேஜ் வரை மாதக் கட்டணத்தில் அடக்கம், அதற்கு மேல் ஒன்றுக்கு 3 காசு. மே பில்லில் 17,000 என்று இருந்தது. ஜூன் பில்லில் 24,000 என்று காட்டி 120 வெள்ளி கூடுதலாகப் போட்டிருக்கிறார்கள். மே கடைசியில் அனுப்பிய 4,000 மெசேஜின் கணக்கு ஜூன் 5ஆம் தேதிதான் வந்து சேர்ந்ததாம். பழைய பாக்கியை நான் கட்டத்தான் வேண்டுமா?"

கட்டத்தான் வேண்டும், ஆனால் 120 வெள்ளி அல்ல.

ஒவ்வொரு மெசேஜுக்கும் இரண்டு நேரம் பதிவாகும்: அனுப்பிய நேரம் ஒன்று, பில்லிங் கணினிக்கு வந்து சேர்ந்த நேரம் இன்னொன்று. மாதம் முடிந்ததும் கணினி சில நாள் காத்திருந்து பில்லை மூடிவிடும். அதன்பின் வருவதை அடுத்த பில்லில் சேர்ப்பது வழக்கம்தான். வெளியிட்ட வரி பில்லைச் சத்தமில்லாமல் திருத்தக் கூடாது. அதில் எனக்குக் குறை இல்லை. தாமதமாகக் கேட்டதாலேயே கடனும் போய்விடாது: ஒப்பந்தம் வேறு கெடு சொல்லாவிட்டால், காலவரம்புச் சட்டப்படி 6 ஆண்டு வரை வழக்குப் போடலாம்.

ஆனால் எந்தப் பில்லில் அச்சாகிறது என்பது வேறு, எந்த மாதத்தின் அளவில் கழிகிறது என்பது வேறு. மே மாதத்துக்கே சேர்த்தால் 21,000. மிகுதி 1,000, அதற்கு 30 வெள்ளி. ஜூனில் உங்கள் சொந்தக் கணக்கு சரியாக 20,000, மிகுதியே இல்லை. ஆக 90 வெள்ளியும் அதன் மேல் 9% பொருள் சேவை வரி 8.10 வெள்ளியும் அதிகம்.

ஒப்பந்தத்தை எடுத்துப் பாருங்கள். "தாமதமாக வரும் பயன்பாடு பிந்தைய பில்லில் சேர்க்கப்படலாம்" என்று மட்டும் இருந்தால், அது எப்போது கேட்கலாம் என்பதைத்தான் சொல்கிறது. விலையை மாற்றும் உரிமையைத் தரவில்லை. வாசகம் இரண்டு பொருள் தந்தால், எழுதியவருக்கு எதிராகவே நீதிமன்றம் படிக்கும். "பதிவான நாளே பயன்பாட்டு நாள்" என்று தெளிவாக எழுதியிருந்தால் மட்டும் உங்கள் பக்கம் பலவீனம்.

அப்புறம், அந்த 4,000 மெசேஜின் பட்டியலை, ஒவ்வொன்றின் அடையாள எண்ணோடும் இரண்டு நேரங்களோடும் கேளுங்கள். கணக்கைத் தாமதமாக மறுபடி அனுப்பும்போது ஒரே மெசேஜ் இருமுறை எண்ணப்படுவதுண்டு. ஒரே எண் இரண்டு தடவை வந்தால் அதுதான். நேரம் இப்படி இருக்கலாம்:

```
2025-05-31T16:05:00Z
```

கடைசி Z கிரீன்விச் நேரத்தைக் குறிக்கும். சிங்கப்பூரில் அது ஜூன் 1, நள்ளிரவு 12:05. எந்த நேரப்படி மாதம் பிரிகிறது என்பதையும் ஒப்பந்தத்தில் தேடுங்கள். உங்களுக்கு நல்லவேளை, சில நூறு மெசேஜ் ஜூனுக்குப் போனாலும் மொத்தம் அதே 30தான்.

30 வெள்ளியை வரியோடு கட்டிவிட்டு, மீதிக்குக் கிரெடிட் நோட் கேட்டு மின்னஞ்சல் அனுப்புங்கள். மறுத்தால் சிறு உரிமைக்கோரல் நடுவர் மன்றம் இருக்கிறது. 2 ஆண்டுக்குள் போக வேண்டும். அங்கே வக்கீல் வாதாட முடியாது, எனக்கும் வேலை இல்லை.