ஓடும்போது இடுப்பு எங்கே இருக்கும்?

அண்ணா, வணக்கம். திருப்பூர்ல இருந்து எழுதறேனுங்க. அனிமேஷன் கத்துக்க ஆரம்பிச்சு 8 மாசம் ஆச்சு. வாக் சைக்கிள் ஓரளவு கைக்கு வந்துடுச்சு, ரன் சைக்கிள்லதான் மாட்டிக்கிட்டேன். என்னோட 24 ஃப்ரேம் நடையை அப்படியே 16 ஃப்ரேமாச் சுருக்கிப் பார்த்தேன். பஸ்ஸைப் பிடிக்க அவசரமா நடக்கற ஆளு மாதிரி இருக்குது. சரின்னு, நடுவுல 3 ஃப்ரேமுக்கு ரெண்டு காலையும் தரையிலிருந்து எடுத்து, இடுப்பை 20 சென்டிமீட்டர் மேலே ஏத்தினேன். இப்ப கரண்ட் அடிச்ச மாதிரி துள்ளுது. எங்கே தப்புங்க?

அன்புள்ள தம்பி,

வெளிச்சம் வந்ததும் கோவை ரேஸ் கோர்ஸ் பக்கம் ஒரு நாள் போய் உட்காருங்கள். நடக்கிறவர்கள் நிறையப் பேர் வருவார்கள், நடுவே ஒருத்தர் இரண்டு பேர் ஓடுவார்கள். கால்களைப் பார்க்காதீர்கள். பேன்ட்டின் பெல்ட் எப்போது மேலே போகிறது, எப்போது கீழே வருகிறது என்று மட்டும் பாருங்கள்.

நடக்கிறவருக்கு, ஊன்றிய காலை மற்ற கால் கடக்கும் நேரத்தில், அதாவது பாஸிங் போஸில், இடுப்பு மேலே இருக்கும். ஊன்றிய கால் விறைப்பாக ஒரு கம்பு மாதிரி நிற்க, உடம்பு அதன் மேல் ஏறி அந்தப் பக்கம் இறங்குகிறது. ஓடுகிறவருக்கு இது நேர் தலைகீழ். பாஸிங் வரும்போதுதான் இடுப்பு ஆகக் கீழே இருக்கும். முழங்கால் மடங்கி உடம்பின் பாரத்தை வாங்கிக்கொள்கிறது, பிறகு நிமிர்ந்து மேலே தள்ளுகிறது. பழைய கேரியர் சைக்கிளின் சீட்டுக்கு அடியில் ஸ்பிரிங் இருக்குமே, கல்லில் ஏறி இறங்கும்போது அது அமுங்கி எழுவது போலத்தான்.

நீங்கள் நடையைச் சுருக்கியபோது ‘பாஸிங்கில் இடுப்பு மேலே’ என்பதும் சேர்ந்தே சுருங்கி வந்துவிட்டது. எத்தனை வேகப்படுத்தினாலும் அது நடைதான். எனக்கும் இதே தப்பு நடந்திருக்கிறது. முதல் வேலையில் நான் செய்த ஓட்டத்தைப் பார்த்துவிட்டு மேலே இருந்தவர் “இவன் எந்தக் கடையில சக்கரம் வாங்கினான்?” என்று கேட்டார். அன்றைக்குப் புரியவில்லை, அவமானமாக மட்டும் இருந்தது.

அடுத்து அந்த 20 சென்டிமீட்டர். கால்கள் தரையை விட்ட பிறகு உடம்பைத் தாங்க ஒன்றும் கிடையாது. எவ்வளவு நேரம் காற்றில் இருக்கிறோமோ, அதற்குத் தக்க உயரம்தான் எழ முடியும். கணக்கு சின்னது:

```
h = g × t² / 8
```

h என்பது எழும் உயரம், மீட்டரில்; t காற்றில் இருக்கும் மொத்த நேரம், நொடியில்; g புவியீர்ப்பு முடுக்கம், 9.8. நொடிக்கு 24 ஃப்ரேமில் 3 ஃப்ரேம் என்றால் 0.125 நொடி. விடை சுமார் 1.9 சென்டிமீட்டர். ஆமாம், இரண்டு சென்டிமீட்டர் கூட இல்லை! 20 சென்டிமீட்டர் எழுந்து இறங்க 0.4 நொடி, அதாவது கிட்டத்தட்ட 10 ஃப்ரேம் வேண்டும். அதை 3 ஃப்ரேமுக்குள் அடைத்ததால்தான் அந்த ஷாக். கார்ட்டூன் பாத்திரமாக இருந்தால் இதை மீறலாம். ஆனால் எவ்வளவு மீறுகிறோம் என்று தெரிந்து மீற வேண்டும்.

உங்கள் 16 ஃப்ரேமையே எடுத்துக்கொள்வோம். ஒரு காலடிக்கு 8 ஃப்ரேம். நிமிடத்துக்கு 180 காலடி. நல்ல ஓட்டக்காரர்களிடம் சாதாரணமாகப் பார்க்கக்கூடிய தாளம்தான் இது. 1-இல் வலது கால் தரையைத் தொடுகிறது, அது காண்டாக்ட். 3, 4-இல் இடுப்பு ஆகக் கீழே, பாஸிங்கும் அங்கேயே. 6-இல் விரல் நுனி கடைசியாகத் தரையில் இருக்கிறது. 7, 8 காற்றில். 9-இல் இடது காலின் காண்டாக்ட். காண்டாக்டில் இருக்கும் இடுப்பு உயரத்தை 0 என்று வைத்தால், சென்டிமீட்டரில் இப்படி வரும்:

```
1:  0
2: -2.4
3: -3.8
4: -3.8
5: -2.4
6:  0
7: +1.7
8: +1.7
9:  0
```

அமுங்குவது அதிகம், எழுவது குறைவு என்பதைக் கவனியுங்கள். ஓட்டத்தின் கனம் அந்த அமுங்கலில்தான் தெரியும். பறப்பதைப் பெரிதாக்கி அமுங்கலை மறந்தால் பாத்திரம் பலூன் ஆகிவிடும். கிராஃப் எடிட்டரில் இந்தக் கோடு 1-லும் 6-லும் படுத்துவிடக் கூடாது. அங்கேதான் அது மிகச் செங்குத்து, ஏனென்றால் உடம்பு விழுந்துகொண்டே வந்து தொடுகிறது, எழுந்துகொண்டே தரையை விடுகிறது.

போஸ்களிலும் நடையின் பழக்கம் ஒளிந்திருக்கும். நடையில் கத்தரிக்கோல் மாதிரி கால்கள் ஆக விரிந்திருப்பது காண்டாக்டில். ஓட்டத்தில் அந்த விரிப்பு 6-க்கும் 7-க்கும் போய்விடுகிறது: தள்ளிய கால் பின்னால் நீண்டிருக்க, மற்ற முழங்கால் முன்னால் உயர்ந்திருக்கும். காண்டாக்டில் தொடும் காலின் முழங்கால் ஏற்கெனவே கொஞ்சம் மடங்கியிருக்கும், பின்னங்கால் மடங்கி முன்னுக்கு வரத் தொடங்கியிருக்கும். 3-இல் அந்தக் குதிகால் பிட்டத்துக்குப் பக்கத்தில் வந்துவிட வேண்டும். மடங்கிய கால் சீக்கிரம் வீசும், நீட்டிய கால் அந்த நேரத்துக்குள் முன்னால் வந்து சேராது.

பாதம் தொடும் இடத்தை மட்டும் அளந்து வையுங்கள். நொடிக்கு 3 மீட்டர் வேகம் என்றால் ஃப்ரேமுக்கு 12.5 சென்டிமீட்டர். ஒரே இடத்தில் ஓடும் சைக்கிளில் தரையில் இருக்கும் பாதம் அதே அளவு பின்னால் நகர வேண்டும். இடுப்புக்கு 25 சென்டிமீட்டர் முன்னால் தொட்டால், 3-இல் நேர் கீழே வரும், 6-இல் 37.5 பின்னால் இருக்கும். 1 முதல் 6 வரை கோடு நேராக, லீனியராக இருக்கட்டும். மென்பொருள் தானாகப் போடும் வளைவை விட்டுவைத்தால் பாதம் தொட்டதும் தயங்கி, நடுவில் வழுக்கும். தரையில் கட்டம் போட்ட படம் ஒன்றை அதே வேகத்தில் பின்னால் ஓடவிட்டால் அந்த வழுக்கல் உடனே தெரிந்துவிடும்.

இன்னொன்று, 17-ஆவது ஃப்ரேம் 1-இன் நகல். 16 வரை மட்டும் ஓட்டுங்கள், இல்லாவிட்டால் சுற்றுக்கு ஒரு முறை விக்கும்.

இதையெல்லாம் நம்பாமல் நீங்களே சரிபார்க்கலாம். என் அக்கா மகன் பெருந்துறையில் பள்ளி விளையாட்டுப் போட்டிக்காக ஓடிக்கொண்டிருந்தான். போனை பைக் சீட்டில் சாய்த்து, பக்கவாட்டில் நொடிக்கு 120 ஃப்ரேமில் எடுத்தேன். ஐந்தில் ஒரு ஃப்ரேமை மட்டும் வைத்துக்கொண்டால் நமது 24 கிடைத்துவிடும். பையன் ட்ரவுசர் பட்டையில் ஒரு வெள்ளை ஸ்டிக்கர் ஒட்டியிருந்தேன். அந்தப் புள்ளியை மட்டும் ஒவ்வொரு ஃப்ரேமிலும் குறித்தேன். குதிகால் பிட்டத்தை நெருங்கிய ஃப்ரேமில் புள்ளி ஆகக் கீழே இருந்தது.

உங்கள் ஃபைலில் முதலில் கைகளையும் தலையையும் மறைத்துவிட்டு, இடுப்பும் கால்களும் மட்டும் தெரியும்படி ஓட்டிப் பாருங்கள். அது ஓடினால் பிறகு கைகளுக்குப் போகலாம். முழங்கை மடிந்தே இருக்கட்டும். நடையின் நீட்டிய கையை இங்கே கொண்டு வந்துவிடாதீர்கள்.