60 சதவீதமா, 45ஆ? டோனர் ரிப்போர்ட் பற்றிக் கேள்வி பதில்

தொண்டு நிறுவனத்தில் 15 வருடம், பணம் கொடுக்கிற டோனர்களுக்கு ரிப்போர்ட் எழுதினேன். அப்புறம் 4 வருடம் ஒரு கம்பெனியின் சி.எஸ்.ஆர். பிரிவில், அதாவது சமூகப் பணிக்குப் பணம் கொடுக்கும் பிரிவில், உட்கார்ந்து மற்றவர்கள் எழுதியதைப் படித்தேன். வெவ்வேறு மாதங்களில் என்னிடம் வந்த கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். எனக்கு நன்றாகத் தெரிந்தது மாலை நேரப் படிப்பு மையங்கள்தான், அதனால் பதில்களெல்லாம் அங்கேயே சுற்றும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

செங்கம் களப்பணியாளர்: அக்கா, ஜூலையில் 240 பிள்ளைகளைச் சோதித்தோம், 48 பேர்தான் ஒரு பத்தியைத் தடையில்லாமல் வாசித்தார்கள். மார்ச்சில் 180 பேர் கிடைத்தார்கள், அதில் 108 பேர் வாசித்தார்கள். 20 சதவீதம் 60 ஆனது என்று போடலாமா? மீதி 60 பேர் பொங்கலுக்கு அப்புறம் பெற்றோரோடு செங்கல் சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் போய்விட்டார்கள்.

போடக்கூடாது தம்பி. முதலில் ஒன்று பார்த்துச் சொல்லுங்கள்: போன 60 பேரில் ஜூலையில் வாசித்தவர்கள் எத்தனை பேர்?

செங்கம் களப்பணியாளர்: பதிவேட்டைப் பார்த்தேன் அக்கா. 6 பேர்தான்.

அங்கேதான் விஷயம் இருக்கிறது. ஊரை விட்டுப் போனதில் 54 பேர் வாசிக்கத் தெரியாதவர்கள். அவர்களைக் கழித்துவிட்டால் மிச்சமுள்ள 180 பேரில் ஜூலையிலேயே 42 பேர் வாசித்திருக்கிறார்கள், அதாவது 23 சதவீதம். யாருக்கும் ஒரு எழுத்துகூடச் சொல்லித் தராமல் இருந்திருந்தாலும் உங்கள் கணக்கு 20லிருந்து 23க்கு ஏறியிருக்கும். அந்த ஏற்றம் சூளை கொடுத்தது, உங்கள் மையம் கொடுத்தது இல்லை.

ரிப்போர்ட்டில் இரண்டு வரி வேண்டும். கடைசிவரை இருந்த 180 பேரில் வாசிப்பவர்கள் 42லிருந்து 108 ஆனார்கள், 23 சதவீதம் 60 ஆனது. சேர்ந்த 240 பேரையும் வைத்துப் பார்த்தால், மார்ச்சில் வாசிப்பதை நாங்கள் கண்ணால் பார்த்தது 108 பேரை, அதாவது 45 சதவீதம். முதல் வரி, வகுப்புக்கு வந்தால் பிள்ளை படிக்கிறது என்கிறது. இரண்டாவது வரி, நான்கில் ஒரு பிள்ளையை நம்மால் பிடித்து வைக்க முடியவில்லை என்கிறது. இரண்டும் உண்மைதான்.

ரிப்போர்ட் படிக்கிற இடத்தில் நான் இருந்தபோது முதலில் தேடியதே இதைத்தான். ஜூலையில் எத்தனை பேர், மார்ச்சில் எத்தனை பேர் என்று இரண்டு எண்ணும் பக்கத்தில் பக்கத்தில் இல்லாமல் சதவீதம் மட்டும் இருந்தால், உடனே போன் போட்டுக் கேட்பேன்.

அப்புறம், சோதித்தது யார்? அந்தந்த மையத்து ஆசிரியரே என்றால் அதையும் எழுதிவிடுங்கள். அடுத்த தடவை சோதிக்க ஆசிரியர்களை ஊர் மாற்றி அனுப்புங்கள், பத்தில் ஒரு பிள்ளையை நீங்களே மறுபடி வாசிக்கச் சொல்லிப் பாருங்கள். ஒரு மையத்தில் நான் தாளைக் கையில் கொடுப்பதற்கு முன்பே ஒரு சிறுமி பத்தியைச் சொல்ல ஆரம்பித்துவிட்டாள். ஜூலையில் கொடுத்த அதே பத்தி. ஆசிரியர் எட்டு மாதமாக அதையே பயிற்சிக்கும் வைத்திருந்தார். அவர் ஏமாற்றவில்லை, கையில் இருந்த ஒரே தாள் அதுதான். தப்பு எங்களுடையது. அதே அளவு கடினமுள்ள வேறு மூன்று பத்திகளைத் தயாராக வைத்திருந்திருக்க வேண்டும்.

ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர்: அந்த 108 பிள்ளைகளும் பகலில் பள்ளிக்கூடத்தில்தானே இருக்கிறார்கள்? நாங்கள் சொல்லிக்கொடுத்ததை நீங்கள் சாயங்காலம் வந்து கணக்கில் எழுதிக்கொள்கிறீர்கள். வருடா வருடம் பார்க்கிறேன்.

ஐயா, உங்கள் கோபம் நியாயம்தான். 2022லிருந்து அரசுப் பள்ளிகளில் எண்ணும் எழுத்தும் திட்டம் வேறு நடக்கிறது. அதற்கு முந்தைய வருடமே இல்லம் தேடிக் கல்வி ஆரம்பித்துவிட்டது. சில ஊர்களில் அதே பிள்ளைக்கு மூன்று பேர் வாசிக்கச் சொல்லித் தருகிறார்கள், மூன்று பேரின் ரிப்போர்ட்டிலும் அந்தப் பிள்ளை இருக்கிறது.

அதனால் ‘எங்கள் திட்டத்தால் 66 பிள்ளைகள் கூடுதலாக வாசிக்கிறார்கள்’ என்று எழுதக்கூடாது. ‘எங்கள் மையங்களுக்கு வந்த பிள்ளைகளில்’ என்று எழுதலாம், பள்ளியில் என்ன நடக்கிறது என்பதையும் ஒரு வரி சேர்க்கலாம். மையம் இன்னும் தொடங்காத பக்கத்து ஊர் ஒன்றிரண்டில் அதே மாதங்களில் அதே சோதனையைச் செய்தால், பள்ளியால் மட்டும் எவ்வளவு ஏறுகிறது என்று ஓரளவு தெரியும். ஓரளவுதான். மையம் வைக்க ஊரை நாம் தேர்ந்தெடுக்கிறபோதே ஒத்துழைக்கிற தலைவர் இருக்கிற ஊராகப் பார்த்துத்தான் எடுக்கிறோம், அந்த வித்தியாசம் கணக்கில் வராது.

கணக்காளர், மதுரை: மேடம், நிர்வாகச் செலவு 5 சதவீதத்தைத் தாண்டக்கூடாது, சி.எஸ்.ஆர். சட்டம் அது. அதனால் ஒருங்கிணைப்பாளர் சம்பளத்தை ‘ஆசிரியர் பயிற்சி’ தலைப்பில் போட்டுவிட்டேன். ரிப்போர்ட்டில் விளக்கம் எழுத வேண்டுமா?

பாதி சரி சார். 5 சதவீத வரம்பு இருக்கிறது, ஆனால் அது கம்பெனிக்கு. தன் சி.எஸ்.ஆர். வேலைகளை நடத்தக் கம்பெனிக்கே ஆகிற பொது நிர்வாகச் செலவுக்கு வைத்த வரம்பு. ஒரு திட்டத்தை நடத்தவும் கண்காணிக்கவும் நேரடியாக ஆகிற செலவு அதில் சேராது. உங்கள் நிறுவனத்தின் செலவும் அந்த 5க்குள் வராது. வெளிநாட்டுப் பணம் வாங்கினால் மட்டும் உங்களுக்கே ஒரு வரம்பு உண்டு, 2020 திருத்தத்துக்குப் பிறகு 20 சதவீதம். இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்பவர்கள் நிறைய. கம்பெனி தன் ஒப்பந்தத்தில் தனியாக ஒரு வரம்பு போட்டிருக்கலாம், அதை எடுத்துப் படியுங்கள்.

ஒருங்கிணைப்பாளர் சம்பளத்தை அதற்குரிய தலைப்புக்கே மாற்றிவிடுங்கள். பயிற்சி என்று பணம் காட்டினால், ஆடிட்டர் பயிற்சி நாளின் வருகைப் பதிவேட்டைக் கேட்பார். எதைக் கொடுப்பீர்கள்?

கடலூரிலிருந்து ஒருவர்: எங்கள் அறக்கட்டளையில் ஊர்ப் பள்ளிக்கு 500 நோட்டுப் புத்தகம் கொடுத்தோம். துபாயில் இருக்கிற சொந்தக்காரர் பணம் அனுப்பினார். அவருக்கும் இப்படி ஜூலை, மார்ச் சோதனை எல்லாம் வைத்து அனுப்ப வேண்டுமா?

வேண்டாம். தலைமை ஆசிரியர் கையெழுத்திட்ட பட்டியலும் கடை பில்லும் அனுப்பினால் போதும். நோட்டு கொடுத்ததை ‘கல்வித்தரம் உயர்ந்தது’ என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். அவர் வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கியவராக இருந்தால் அது வெளிநாட்டு நிதியாகிவிடும், அந்தச் சங்கதியை உங்கள் ஆடிட்டரிடம் முதலில் கேளுங்கள்.

திட்ட மேலாளர்: மேடம், டிசம்பர் முதலே இரண்டு ஆசிரியர்கள் வருவதில்லை, மூன்று மாதச் சம்பளம் 48,000 ரூபாய் மிச்சம். இப்போது பிப்ரவரி முடியப்போகிறது. மார்ச்சுக்குள் டேப்லெட் வாங்கிச் செலவை முடித்துவிடலாம் என்கிறார்கள். ‘சவால்கள்’ பகுதியில் ஆசிரியர் நின்றதை எழுதினால் அடுத்த வருடப் பணம் வராது என்று அறங்காவலர் பயப்படுகிறார்.

டேப்லெட் வாங்காதீர்கள். சம்பளத் தலைப்புப் பணத்தில் கேட்காமல் பொருள் வாங்கினால், மிச்சம் இருந்ததை விட அது பெரிய தலைவலி.

கம்பெனி ஏன் மார்ச்சில் பரபரக்கிறது என்று தெரிந்துகொண்டால் எழுதுவது சுலபம். உங்கள் கணக்குக்குப் பணம் வந்துவிட்டதாலேயே கம்பெனி செலவு செய்ததாக ஆகிவிடாது, நீங்கள் செலவழித்தால்தான் ஆகும். செலவாகாத தொகை, பல வருடம் நடக்கும் திட்டமாக அவர்கள் அங்கீகரித்ததாக இருந்தால், நிதியாண்டு முடிந்த 30 நாளுக்குள் தனி வங்கிக் கணக்குக்குப் போக வேண்டும். அங்கிருந்து மூன்று நிதியாண்டுக்குள் செலவு செய்யலாம். அப்படி அங்கீகரிக்கவில்லை என்றால், சட்டத்தின் ஏழாம் அட்டவணையில் சொன்ன நிதி ஒன்றுக்கு ஆறு மாதத்துக்குள் போய்விடும், உங்களுக்குத் திரும்ப வராது. ஆகவே ஏப்ரல் ரிப்போர்ட்டில் எழுதினால் காலம் கடந்துவிடும். இன்றைக்கே மெயில் போடுங்கள், இது எந்த வகைத் திட்டம் என்று அவர்களையே கேளுங்கள்.

சவால் பகுதிக்கு வருவோம். ‘ஆசிரியர் பற்றாக்குறை, கனமழை போன்ற சவால்களைச் சந்தித்தோம்’ என்று எழுதுவது எழுதாததற்குச் சமம். நானாக இருந்தால் இப்படி எழுதுவேன்:

‘12 மையங்களில் இரண்டில் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை ஆசிரியர் இல்லை. மாதம் 8,000 ரூபாய் கொடுக்கிறோம். அருகில் வந்த தொழிற்பேட்டையில் அதைவிடக் கூடுதலாகக் கிடைத்ததால் இருவரும் போய்விட்டார்கள். ஒரு மையத்தைப் பக்கத்து ஊர் ஆசிரியர் வாரம் மூன்று நாள் பார்த்துக்கொண்டார், மற்றது மூடியே இருந்தது. அங்கே 19 பிள்ளைகளுக்கு மூன்று மாதம் வகுப்பு இல்லை. மிச்சமுள்ள 48,000 ரூபாயை வரும் ஆண்டு ஆசிரியர் ஊதிய உயர்வுக்குப் பயன்படுத்த அனுமதி கேட்கிறோம்.’

என்ன நடந்தது, ஏன், யார் பாதிக்கப்பட்டார்கள், என்ன செய்தோம், இப்போது என்ன வேண்டும். இதைப் படிக்கிற அதிகாரி தன் மேலதிகாரிக்கு அப்படியே அனுப்பலாம். இப்படி எழுதியும் பணம் நின்ற இடம் இருக்கிறதா என்றால், இருக்கிறது. எனக்கே ஒரு தடவை நடந்தது. நேர்மையாக எழுதினதால் நின்றதா, வேறு காரணமா என்று இன்றுவரை எனக்குச் சொல்லவில்லை.

நிதி கொடுக்கும் பக்கத்திலிருந்து: நீங்கள் சொல்வதெல்லாம் சரி. ஆனால் எங்கள் போர்டுக்குப் போகிற ஸ்லைடில் ஒரு திட்டத்துக்கு ஒரே ஒரு எண்ணுக்குத்தான் இடம். 60, 45 இரண்டும் வந்தால் நான் 60ஐத்தான் போடுவேன். மற்ற நிறுவனங்களும் அப்படித்தான் தருகிறார்கள், 45 போட்டால் செங்கம் கடைசி இடத்துக்குப் போய்விடும்.

நானும் அப்படிப்பட்ட ஸ்லைடைத் தயாரித்தவள்தான், வேறொரு திட்டத்துக்குப் பெரிய எண்ணைத்தான் போட்டேன். அதற்குக் கீழே சின்ன எழுத்தில் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் கடைசிவரை இருந்தார்கள் என்று சேர்த்தேன், ஒரு போர்டு உறுப்பினர் மட்டும் மீதிப் பேர் எங்கே என்று கேட்டார். அந்தக் கேள்வியிலிருந்துதான் அடுத்த வருடம் சூளைப் பக்கமே ஒரு மையம் வைக்கப் பணம் கிடைத்தது. எல்லா நிறுவனத்தையும் சேர்ந்த பிள்ளைகள் அத்தனை பேரின் கணக்கில் கேட்டால்தான் ஒப்பீடு நியாயமாகும், ஆனால் அதை நீங்கள் கேட்க வேண்டும். ஒரே ஒரு நிறுவனம் மட்டும் அப்படிக் கொடுத்தால் நீங்கள் சொன்ன மாதிரிதான் நடக்கும். அதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை.

செங்கம் களப்பணியாளர்: அக்கா, கடைசியாக ஒன்று. போன 60 பேரில் 22 பேர் ஜூனில் திரும்பிவிட்டார்கள். இப்போது சோதித்து, மார்ச் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாமா?

சோதியுங்கள், மார்ச்சில் சேர்க்காதீர்கள். ‘ஜூனில் திரும்பிய 22 பேர்’ என்று தேதியோடு தனி வரி. அந்த 22ல் ஜூலையில் வாசித்த அந்த 6 பேரில் எத்தனை பேர் இருக்கிறார்கள், அவர்கள் இப்போதும் வாசிக்கிறார்களா என்று பாருங்கள். ஐந்து மாதம் புத்தகத்தைத் தொடாத பிள்ளை எவ்வளவு மறக்கிறது என்பது உங்கள் டோனருக்கும் தெரியாது, எனக்கும் சரியாகத் தெரியாது. பார்த்துவிட்டு எனக்கும் சொல்லுங்கள்.