பாதி காசு, பாதி ஜிபே: கல்லாக் கணக்குக் கேள்வி பதில்

மளிகைக் கடை, திண்டுக்கல்: ஒரே பில்லுக்குக் கொஞ்சம் காசு, கொஞ்சம் கார்டுன்னு குடுக்குறாங்க. பில் போடுற பையன் எப்படிப் பதியணும்? ராத்திரி எண்ணினா தினமும் துண்டு விழுது.

பில் ஒன்றுதான், அதன் கீழே வசூலை எழுதும் வரி மட்டும் இரண்டு. பில் 1,340 ரூபாய், கார்டில் 800 தேய்த்தாயிற்று, மீதி 540க்கு வாடிக்கையாளர் ஒரு ஐந்நூறும் ஒரு நூறும் நீட்டுகிறார், நீங்கள் 60 திருப்பித் தருகிறீர்கள் என்று வையுங்கள். கேஷ் வரியில் விழ வேண்டியது 540. பையன் கையில் 600 இருப்பதால் 600 என்று அடிப்பான். தினமும் துண்டு விழும் கடைகளில் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான். நீட்டிய நோட்டை எழுதக் கூடாது, கல்லாவில் நின்றதை எழுத வேண்டும்.

சில மென்பொருளில் வாங்கிய பணத்துக்குத் தனிக் கட்டம் இருக்கும். அதில் 600 அடித்தால் அதுவே 60ஐக் கழித்துக்கொள்ளும். சிலவற்றில் அந்தக் கட்டம் கிடையாது, அடித்தது அப்படியே வசூலாகிவிடும். உங்களுடையது எந்த ரகம் என்று தெரிய, 100 ரூபாய்க்கு ஒரு சோதனை பில் போடுங்கள். கார்டு 60, கேஷ் 50 என்று அடியுங்கள். ஏற்க மறுத்தாலோ, பாக்கி 10 என்று காட்டி நாள் அறிக்கையில் கேஷ் 40 மட்டும் ஏறினாலோ கவலையில்லை. வாயே திறக்காமல் கேஷ் 50 ஏற்றினால், பாக்கியைக் கழித்த பிறகே அடிக்க வேண்டும் என்று கவுன்டரில் எழுதி ஒட்டுங்கள். சோதனை முடிந்ததும் அந்த பில்லை ரத்து செய்ய மறக்க வேண்டாம்.

மெடிக்கல், பழனி: ராத்திரி கல்லா எண்ணுற முறையைக் கொஞ்சம் விவரமா சொல்லுங்க சார். எங்க வீட்டுக்காரரு மொத்தமா எண்ணி, கம்ப்யூட்டர்ல வர்ற தொகையோட பார்த்துட்டு "சரியா இருக்கு"ன்னுடுவாரு.

கம்ப்யூட்டர் தொகையைப் பார்த்துவிட்டு எண்ணினால் கை அந்தத் தொகைக்கே போய் நிற்கும், மேடம். எண்ணுகிறவர் முதலில் எண்ணித் தாளில் எழுதட்டும், அறிக்கையை அதன் பிறகு எடுங்கள்.

ஒரு நாள் கணக்கை முழுதாகப் போட்டுக் காட்டுகிறேன். காலையில் சில்லறைக்காக வைத்தது 3,000. அன்றைய பில் மொத்தம் 48,760. அதில் கேஷ் 21,340, கார்டு 9,820, யுபிஐ 17,600. கல்லாவிலிருந்து ஆட்டோ கூலி, டீ என்று 420 போயிருக்கிறது. மதியம் முதலாளி 10,000 எடுத்திருக்கிறார். ஆக இருக்க வேண்டியது 3,000 + 21,340 − 420 − 10,000 = 13,920.

எண்ணியதில் ஐந்நூறு 18, இருநூறு 7, நூறு 22, ஐம்பது 9, இருபது 14, பத்து 16, சில்லறைக் காசு 70 ரூபாய். கூட்டினால் 13,560. ஆக 360 குறைகிறது.

கடையாட்களைக் கூப்பிட்டு விசாரிக்கத் தொடங்குவதற்கு முன் மற்ற இரண்டையும் பாருங்கள். ஸ்வைப் மெஷின் தரும் மொத்தம் 9,820, பில்லோடு ஒத்துப்போகிறது. யுபிஐ வரவோ 17,960. அதாவது அங்கே 360 கூடுதல். காசு எங்கேயும் போகவில்லை, இடம் மாறி உட்கார்ந்திருக்கிறது. யுபிஐ பட்டியலில் 360 ரூபாய் வரவைத் தேடி, அதே நேரத்து பில்லை எடுத்தால் 1,360க்கு ஒன்று கிடைக்கும். வாடிக்கையாளர் ஆயிரம் காசாகவும் 360 ஜிபேயிலும் கொடுத்திருக்கிறார், பில்லில் முழுவதும் கேஷ். பில்லை ரத்து செய்து புதிதாகப் போட வேண்டாம், வசூல் முறையை மட்டும் திருத்தினால் போதும்.

மாறாக கார்டும் யுபிஐயும் சரியாக இருந்து கேஷ் மட்டும் குறைந்தால், முதல் பதிலில் சொன்ன நோட்டுத் தவறு, எழுதாத செலவு, அல்லது பாக்கி கொடுத்ததில் பிசகு. இது மூன்றும் இல்லையென்றால்தான் அடுத்த சந்தேகம். வித்தியாசம் ஒன்பதால் வகுபட்டால் இலக்கம் இடம் மாறியதா என்றும் பாருங்கள், 540ஐ 450 என்று அடித்தால் 90 இடிக்கும். மேலே உள்ள 360ம் ஒன்பதால் வகுபடும், ஆனால் அங்கே காரணம் வேறு. அதனால் இதை மட்டும் நம்பி முடிவு கட்ட வேண்டாம்.

ஸ்டேஷனரி, தேனி: கல்லால 250 குறையுது. என்ன காரணம்?

யுபிஐ எவ்வளவு கூடுது? அது தெரியாமல் பதில் இல்லை. மேலே மெடிக்கல் மேடத்துக்குச் சொன்னதைப் படியுங்கள்.

பேன்சி ஸ்டோர், விருதுநகர்: பாதி காசு பாதி கார்டுன்னா ரெண்டு பில்லாப் போட்டுட்டா ஜிஎஸ்டி சுலபமா இருக்குமே?

ஜிஎஸ்டி விற்பனைக்கு வருவது, பணம் எந்த வழியில் வந்தது என்பதற்கு அல்ல. ஒரு பில் போதும்.

சூப்பர் மார்க்கெட் மேற்பார்வை, சேலம்: கேள்வி இல்ல, ஒரு கருத்து. எங்க கவுன்டர்ல முதல்ல காசை வாங்கிக் கல்லாவுல போட்டுட்டு, மீதியைத்தான் கார்டுல தேய்க்கச் சொல்லுவோம். காசு கைக்கு வந்துட்டா பாதி வேலை முடிஞ்ச மாதிரி.

அது பாதிதான் சரி. கார்டு மறுக்கப்படலாம், யுபிஐ 'நிலுவையில்' என்று தொங்கலாம். அப்போது கல்லாவில் போட்ட காசைத் திரும்ப எடுத்துக் கொடுக்க வேண்டும், பில்லோ இன்னும் முடியவில்லை. இந்த நேரத்தில்தான் கேஷ் வரி பில்லில் நின்றுவிடுகிறது, காசு வெளியே போய்விடுகிறது. முதலில் கார்டு அல்லது யுபிஐ, கடைசியில் கேஷ். மீதி எவ்வளவாக இருந்தாலும் சில்லறை கொடுத்துச் சரிக்கட்டக் கூடியது காசு மட்டும்தான்.

அதே சேலம்: கஸ்டமர் "எங்கிட்ட 300தான் இருக்கு, மீதிய ஜிபே பண்றேன்"னு சொன்னா? காசை எண்ணாம மீதி எவ்வளவுன்னு எப்படி அடிக்கிறது?

எண்ணுங்கள், யார் வேண்டாம் என்றது? எண்ணியதை மேஜை மேல் அவர் கண் முன்னால் வையுங்கள். ஸ்பீக்கர் தொகையைச் சொன்ன பிறகோ, மெஷினில் சீட்டு வந்த பிறகோ கல்லாவைத் திறங்கள்.

பேக்கரி, கரூர்: ஸ்பீக்கர் சத்தத்தை மட்டும் நம்பலாமாண்ணே? சாயங்காலக் கூட்டத்துல யாரோட பணத்துக்கு அது கத்துதுன்னே தெரியாது.

நல்ல கேள்வி தம்பி. தொகையைக் காதில் வாங்கி பில்லோடு ஒப்பிட வேண்டும். சந்தேகமானால் கடை ஆப்பில் பாருங்கள். வாடிக்கையாளர் போனில் காட்டும் படத்தை மட்டும் ஏற்கவே வேண்டாம்.

அதே சேலம்: ஞாயித்துக்கிழமை எட்டு கவுன்டர்லயும் வரிசை நிக்கும்போது மேஜை மேல காசை வெச்சுட்டு நெட்வொர்க்குக்குக் காத்திருக்கச் சொல்றீங்க. திறந்து கெடக்குற காசு எங்க போச்சுன்னு அப்புறம் யாரு பதில் சொல்றது? ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது சார்.

திறந்து கிடக்கும் காசு ஆபத்து என்பதை ஒப்புக்கொள்கிறேன். கல்லா மேல் கிளிப் வைத்த தட்டு ஒன்று இருந்தால் கொஞ்சம் சமாளிக்கலாம். எட்டு கவுன்டருக்கு அது தாங்குமா என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். ஆனால் கல்லாவில் முதலில் போடுவதென்றால், கார்டு மறுக்கப்பட்ட பில்களின் எண்ணை மட்டுமாவது ஒரு தாளில் குறித்து வையுங்கள். ராத்திரி தேடும் வேலை பாதியாகும்.

அதே சேலம்: தாள் சரி. தட்டு வேண்டாம்.

ரெடிமேட் கடை, ஈரோடு: 2,200 ரூபா பில், 1,200 காசு, 1,000 கார்டு. மறுநாள் துணியைத் திருப்பிட்டாங்க. முழுசும் காசா குடுத்துட்டோம். தப்பா?

சட்டப்படி தப்பா என்பதைவிட, கணக்கு எங்கே இடிக்கும் என்று பாருங்கள். கல்லாவிலிருந்து 2,200 போயிருக்கிறது. திருப்பு பில்லில் கேஷ் 1,200, கார்டு 1,000 என்று பையன் பழைய பில்லைப் பார்த்து அடித்திருந்தால், கல்லாவில் 1,000 குறையும், மெஷின் கணக்கிலோ 1,000 கூடும். உண்மையில் என்ன நடந்ததோ அதையே அடியுங்கள், கேஷ் 2,200. கார்டுக்கு வந்த பங்கைக் கார்டுக்கே திருப்புவதுதான் நல்ல பழக்கம். கார்டில் தேய்த்துக் காசாக வாங்கிப்போகிற ஆட்களுக்கு அப்போது வழி இருக்காது. அன்றே திருப்பினால், மெஷினில் நாள் முடிப்பு போடுவதற்கு முன் அந்தப் பரிவர்த்தனையையே ரத்து செய்துவிடலாம்.

ஹார்டுவேர், நாமக்கல்: கார்டுல 4,000 போட்டா பேங்க்ல அதைவிடக் குறைச்சுத்தான் வருது. பில்லுல குறைச்சுப் பதியவா?

கூடாது. பில்லில் 4,000தான். வங்கி பிடித்தது உங்கள் செலவு, பணம் வங்கியில் ஏறும் நாளில் தனியாகப் பதியுங்கள். டெபிட் கார்டில் 0.90 சதவீதம் பிடித்தால் 36 ரூபாய், அதற்கு ஜிஎஸ்டி 18 சதவீதம் 6.48, ஆக 3,957.52 வரும். ராத்திரி கல்லா பார்க்கும்போது வங்கி வரவை எடுக்காதீர்கள், மெஷின் மொத்தத்தை எடுங்கள். நாள் முடிப்பு போட மறந்தால் இன்றையதும் நாளையதும் ஒரே மொத்தமாக வரும் என்பதையும் கவனியுங்கள்.

பர்னிச்சர், மதுரை: 2,60,000க்கு பில். இன்னைக்கு 1,50,000 காசு, நாளைக்கு 60,000 காசு, மீதி 50,000 கார்டு. நாள் வேற வேறதானே, பிரச்சினை இல்லையே?

பிரச்சினைதான். வருமான வரிச் சட்டம் ஒரே நாளை மட்டும் பார்ப்பதில்லை, ஒரே பரிவர்த்தனையையும் பார்க்கிறது. ஒரு பில்லுக்குக் காசாக வருவது மொத்தத்தில் 2 லட்சத்தைத் தொடக் கூடாது. இங்கே 2,10,000 ஆகிறது. வாங்கிய தொகைக்குச் சமமான அபராதம் விற்பவர் மேல் விழும். நாளை வர வேண்டிய 60,000ஐ வங்கி வழியில் வாங்குங்கள்.

டீ ஸ்டால், தாராபுரம்: எங்க கல்லாவும் குறையுது சார், என்ன பண்ணலாம்?

நீட்டிய நோட்டையா எழுதுகிறீர்கள், நின்றதையா? முதல் பதில்.

பெட்டிக்கடை, ஒட்டன்சத்திரம்: 80 ரூபாய்க்கு வாங்கிட்டு "ஜிபேல 580 போடுறேன், 500 காசா குடுங்க"ன்னு கேக்குறாங்க. இதை எப்படி எழுத?

விற்பனை 80தான், 580 அல்ல. பில்லில் யுபிஐ 80 என்று வசூல் போடுங்கள். மற்ற 500ஐக் கல்லாவிலிருந்து யுபிஐ கணக்குக்கு மாற்றியதாகத் தனித் துண்டுச் சீட்டில் நேரத்தோடு எழுதிப் பெட்டியில் போடுங்கள். அந்தச் சீட்டு இல்லாவிட்டால் ராத்திரி காசில் 500 குறைந்து, யுபிஐயில் 500 கூடி நிற்கும், அதற்குப் பொருந்துகிற பில்லைத் தேடினால் கிடைக்காது.